ஜாடை: அடையாள அட்டைப் படமும் வரைந்த முகமும்

அடையாளம் என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். அலுவலகச் சன்னலுக்குள்ளிருந்து நீளும் கை கேட்பதும் அடையாளம்தான், தெருமுனையில் ஒருவரைப் பார்த்ததும் 'அட, இவரா' என்று மனசுக்குள் நடப்பதும் அடையாளம்தான். ஆனால் பேச்சுத்தமிழ் இரண்டாவதற்குத் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறது: ஜாடை. 'அப்பன் ஜாடை அப்படியே இருக்கு' என்கிறோம். யாரும் 'அப்பன் அடையாளம் இருக்கு' என்பதில்லை. கடவுச்சீட்டுக்காகவும் ரேஷன் அட்டைக்காகவும் எடுக்கப்படும் படம் முதல் வகைக்கானது. அதை வைத்துக்கொண்டு ஒரு முகத்தை வரையச் சொல்லும்போது நாம் கேட்பது இரண்டாவதை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது, எங்கே முகம் தொலைந்துபோகிறது என்பதைக் குறித்துத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நமது இயக்கங்களுக்கு இது கலைப் பிரச்சினை மட்டும் இல்லை. இறந்துபோன பெரும்பாலான எளிய மனிதர்களுக்கு மிஞ்சுவது அப்படி ஒரு படம்தான். கல்யாண ஆல்பம் இருந்தால் அதில் மாலைக்குப் பின்னால் பாதி முகம் மறைந்திருக்கும். நினைவுக் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் படம் வேண்டும் என்று தேடும்போது, பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிக்கொண்டு, மேலே முத்திரை விழுந்த ஒரு சின்னச் சதுரம் கைக்கு வரும். அதிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

இந்தப் படத்தின் வம்சாவளி நமக்குத் தெரியும். 1880களில் பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்த்திய்யோன் கைதிகளுக்கென்று ஒரு முறையை வகுத்தார்: முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். முகத்தை மற்ற முகங்களோடு ஒப்பிடக்கூடிய ஆவணமாக்குவது நோக்கம். அவருக்குக் காது மிக முக்கியமாக இருந்தது. கண்ணோ சிரிப்போ மாறும், காது மாறாது என்பது கணக்கு. இன்றைய கடவுச்சீட்டுப் படம் அந்த முன்பக்கப் படத்தின் பேரப்பிள்ளை: நேராகப் பார், சிரிக்காதே, நிழல் விழக்கூடாது. நிழல் விழக்கூடாது என்ற அந்த நிபந்தனையில்தான் ஓவியருக்கான முதல் சிக்கல் இருக்கிறது.

ஓர் ஒப்பீட்டில் இது தெளிவாகும். சே குவேராவின் அந்தப் பிரசித்தமான முகத்தை அல்பெர்த்தோ கோர்தா 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில், லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான கூட்டத்தில் எடுத்தார். 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைச் சிவப்புப் பின்னணியில் கறுப்புத் திட்டுகளாக மாற்றினார். சாம்பல் நிறங்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை இரண்டை மட்டும் வைத்தும் அந்த முகம் நின்றது. ஏன் நின்றது? திறந்தவெளி வெளிச்சத்தில் புருவத்துக்குக் கீழும் மூக்கோரத்திலும் தாடையடியிலும் ஏற்கெனவே நிழல் இருந்தது. அந்த நிழல்தான் திட்டாயிற்று. ஸ்டூடியோ ஃபிளாஷை நேருக்கு நேர் அடித்து எடுத்த அட்டைப் படத்தை இப்படி இரண்டு நிறமாக வெட்டிப் பாருங்கள். மூக்கு காணாமல் போகும், இரண்டு துவாரம் மட்டும் மிஞ்சும். கன்னமும் தாடையும் ஒரே வெள்ளையாகிவிடும். மிஞ்சுவது ஒரு முகமூடி. சுவரெழுத்துக்காக அச்சுத்தகடு வெட்டும் தோழர்கள் பலமுறை இதில் மாட்டிக்கொண்டு, தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கை சரியாகத்தான் இருக்கிறது. நிழல் மூலப்படத்திலேயே இல்லை.

இன்னொரு விஷயமும் கோர்தாவின் படத்தில் இருக்கிறது. தொப்பி, நட்சத்திரம், தாடி. முகம் கொஞ்சம் பிசகினாலும் சே சேதான். நமது ஊர்ச் சுவர்களில் வரையப்படும் அம்பேத்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். எத்தனையோ கைகள் எத்தனையோ விதமாக வரைந்த அந்த முகங்களில் பாதிக்கு மேல் அவர் ஜாடை இருக்காது, ஆனால் ஒருவரும் தடுமாறியதில்லை. பெரியாருக்குத் தாடியும் தடியும். பிரபலமானவர்களை நாம் முகத்தால் அறிவதைவிடக் குறிகளால் அறிகிறோம், கோயில் சிற்பத்தில் வேலை வைத்து முருகனை அறிவதுபோல. பெயர் தெரியாத மனிதருக்கு அப்படி ஒரு குறியும் கிடையாது. அவருக்கு ஜாடை ஒன்றுதான். அது போனால் அவரே இல்லை.

ஒரு சம்பவத்தை வைத்துப் பேசுகிறேன். பாதாளச் சாக்கடைத் தொட்டிக்குள் இறங்கி இறந்துபோன ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நடந்த ஊர்வலத்துக்காக அவர் முகத்தை வரைய வேண்டியிருந்தது. அவர் தங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்பது ஒப்பந்ததாரரின் வாதம். அந்த வட்டாரத்துத் தெருக்காரர்கள், கடைக்காரர்கள் 'இந்த ஆளு இங்க வேல செஞ்சாரே' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைக்கும் முகம்தான் தேவைப்பட்டது. வரைந்தவர் என் நண்பர், ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு சினிமா பேனர் எழுதியவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தோழர் என்பார்.

கையில் இருந்தது 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு படம். தாடையிலிருந்து உச்சிவரை 32 மில்லிமீட்டர். துணியில் 70 சென்டிமீட்டருக்கு 90 என்று வைத்தால் இருபது மடங்கு பெரிதாக்கம். பேனர்க்காரர்களின் முறை கட்டம் போடுவது. 5 மில்லிமீட்டர் கட்டமாகப் போட்டால் குறுக்கே ஏழு, நெடுக்கே ஒன்பது, மொத்தம் 63 கட்டம், துணியில் ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பென்சில் கோட்டின் பருமனே அரை மில்லிமீட்டர் வரும். இருபது மடங்கில் அது ஒரு சென்டிமீட்டர் பிசகு. கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே அந்தச் சின்னப் படத்தில் இருப்பதே ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

அதனால் அண்ணன் சின்னப் படத்தின்மேல் கட்டம் போடவில்லை. முதலில் ஐந்து மடங்கு பெரிதாக்கிய ஒரு பிரதி, அதன்மேல் இரண்டரை சென்டிமீட்டர் கட்டம், அதிலிருந்து துணிக்கு நான்கு மடங்கு. பெரிதாக்குவதற்கு ஜெராக்ஸ் கடைக்குப் போகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஜெராக்ஸ் நடுச்சாம்பலைத் தின்றுவிடும், ஏற்கெனவே நிழல் இல்லாத முகத்தில் மிச்சம் இருப்பதும் போய்விடும். ஸ்கேன் செய்து ஃபோட்டோத் தாளில் அச்செடுத்தோம்.

அந்த அச்சில்தான் படத்தின் சங்கதிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அலுவலகத்தின் வட்டமுத்திரை இடது தாடைமுனையில் விழுந்திருந்தது. வலது பக்கத்தைத் திருப்பிப்போட்டு ஒட்டினால் என்ன என்று ஒரு தோழர் கேட்டார். அண்ணன் செய்தே காட்டினார். வலது பாதியை மட்டும் இரண்டாக்கிய முகம் யாரோ ஒரு பருத்த ஆள், இடது பாதியை இரண்டாக்கினால் மெலிந்த இன்னொருவர். எந்த மனித முகமும் நடுவில் மடிந்து ஒட்டாது. மறைந்த தாடைக்கு இறந்தவரின் தம்பியை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து, ஸ்டூடியோக்காரர் செய்த 'டச்சிங்'. முகம் முழுவதும் ஒரு படி வெளுக்கப்பட்டிருந்தது. கழுத்தும் முகமும் இரண்டு நிறத்தில் இருந்ததை வைத்து அது தெரிந்தது. அதோடு யாருடையதோ கறுப்புக் கோட்டு அவர் தோளில் ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் மாட்டிவிடும் அதே கோட்டு. ஆக, அடையாள அட்டைப் படம் என்பது உண்மையின் பிரதி என்று நாம் நம்புவது எவ்வளவு பலவீனமான நம்பிக்கை! அதிகாரம் நேர்கொண்டு பார்க்கச் சொன்ன அந்த முகத்தின்மேல் சந்தை ஏற்கெனவே ஒரு பூச்சு பூசியிருந்தது. புகைப்படத்தைப் பெரிதாக்கி அப்படியே மாட்டினால் போதும், ஓவியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். 1964இல் ஆண்டி வார்ஹோல் நியூயார்க் உலகக் கண்காட்சியின் மாநிலக் கூடத்துச் சுவரில் தேடப்படும் குற்றவாளிகள் பதின்மூன்று பேரின் போலீஸ் படங்களை அச்சுப்புள்ளிகள் தெரியப் பெரிதாக்கி வைத்தார். கண்காட்சி திறப்பதற்கு முன்பே அதன்மேல் வெள்ளிநிறப் பெயிண்ட் அடிக்கப்பட்டுவிட்டது. அது நல்ல கலகம்தான். ஆனால் அங்கே போலீஸின் பார்வையைப் போலீஸிடமே திருப்பிக் காட்டுவது நோக்கம். நமக்கு வேண்டியது அந்தப் பார்வையிலிருந்து ஒரு மனிதரை வெளியே கொண்டுவருவது.

முதல் வரைவு முடிந்ததும் அவர் தங்கை வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கண்ணன் இல்ல. அண்ணன் மாதிரி யாரோ," என்றார். எது சரியில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. ஜாடை தப்பிவிட்டது என்பதை நொடியில் சொல்பவர்களும் எங்கே தப்பியது என்று கேட்டால் "கண்ணு" என்பார்கள். பெரும்பாலும் கண் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணன் குச்சியை எடுத்து அளந்தார். அளவுகோல் இரண்டு கண்மணிகளுக்கு இடையேயான தூரம். அதை ஒன்று என்று வைத்து, அச்சிலும் துணியிலும் மற்றவற்றைக் கணக்கிட வேண்டும்: புருவத்திலிருந்து கண், மூக்கடியிலிருந்து மேலுதடு, உதட்டிலிருந்து தாடை. மூன்றாவது சரியாக இருந்தது. இரண்டாவதும் ஏறத்தாழ சரி. முதலாவதில்தான் விஷயம். இறந்தவருக்குப் புருவம் கண்ணின்மேல் தாழ்ந்து கவிந்திருக்கும். துணியில் அது ஒரு விரல்கடை மேலே ஏறி, நடுவில் வளைந்திருந்தது. அண்ணன் சிரித்துவிட்டார். "கை பழக்கம் தோழர். எத்தன ஹீரோவுக்குப் புருவம் போட்டிருப்பேன்."

இந்த ஒரு விரல்கடையில் ஒரு பெரிய அரசியல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஓவியரின் கைக்குள் ஒரு சராசரி முகம் குடியிருக்கிறது. எந்த முகத்தை வரைந்தாலும் கை அதை அந்தச் சராசரியை நோக்கி இழுக்கும். பேனர்க்காரருக்கு அந்தச் சராசரி சினிமாக் கதாநாயகன். நம் இடதுசாரிச் சுவரொட்டிக்காரர்களுக்கு அது சோவியத் காலத்து உழைப்பாளி: சதுரத் தாடை, முன்தள்ளிய மோவாய், தொலைதூரம் பார்க்கும் கண். வர்க்கத்தை வரைகிறேன் என்று போய் ஆளைத் தொலைக்கிறோம். 'அழகுபடுத்துவது' என்று நாம் மரியாதையாகச் செய்வதும் இதேதான், ஒருவருக்கு மட்டும் உரியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பது.

முகமறிதல் பற்றி உளவியலாளர்கள் செய்த ஆய்வுகள் இதற்குத் துணைநிற்கின்றன. 1987இல் ரோட்ஸ், பிரென்னன், கேரி மூவரும் தெரிந்த மனிதர்களின் கோட்டோவியங்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் முகம் சராசரியிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ அங்கெல்லாம் அந்த விலகலை இன்னும் கூட்டிய கேலிச்சித்திரத்தை, பிசகில்லாத கோட்டோவியத்தைவிட மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். விலகலைக் குறைத்ததை அடையாளம் காணத்தான் அதிக நேரம் எடுத்தது. ஆகவே பாணி என்பது ஜாடைக்கு எதிரி என்ற பயம் தேவையில்லை. எந்தத் திசையில் மாற்றுகிறோம் என்பதே கேள்வி. தாழ்ந்த புருவத்தை ஒரு நூல் இன்னும் தாழ்த்தினால் அவர் இன்னும் அவராகிறார், ஒரு நூல் ஏற்றினால் வேறு யாரோ ஆகிவிடுகிறார். புருவத்தைப் பற்றியே தனியாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. பிரபலங்களின் படங்களில் கண்ணை அழித்தால் அறிவதற்கு ஆகும் சிரமத்தைவிடப் புருவத்தை அழித்தால் சிரமம் கூடுதல். இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தங்கையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

புருவத்தை இறக்கியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மூக்கையும் காதையும் பொறுத்தவரை அண்ணன் புகைப்படத்துக்கு விரோதமாகப் போனார். சின்ன ஸ்டூடியோ அறைக்குள் கேமரா கிட்டத்தில் நிற்கும்போது முன்னே இருக்கும் மூக்கு பெருக்கும், பின்னே இருக்கும் காது ஒதுங்கிச் சிறுக்கும். தெருவில் பத்தடி தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அவர் அப்படி இருந்ததில்லை. ஆகவே மூக்கைத் துளி குறுக்கி, காதைத் துளி வெளியே கொண்டுவந்தார். படத்திலிருந்து விலகியது, ஆளை நெருங்கியது. ரோலான் பார்த் இறந்துபோன தன் தாயின் படங்களையெல்லாம் புரட்டிப் புரட்டி, கடைசியில் அவள் ஐந்து வயதுச் சிறுமியாக நின்ற ஒரு படத்தில் அவளைக் கண்டதாக 1980இல் வந்த தன் புத்தகத்தில் எழுதுகிறார். தான் ஒருபோதும் பார்த்திராத வயதின் முகம் அது. ஜாடை என்பது படத்தோடு ஒத்துப்போவதில் இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு?

நிறத்துக்கு வருகிறேன். அண்ணன் பேனர் பாணியிலேயே போட்டார். நிழல் பக்கம் ஊதாவும் பச்சையும், நெற்றியில் ஆரஞ்சு, கழுத்தோரம் ஒரு நீலக் கீற்று. ஓர் இளம் தோழருக்கு இது பிடிக்கவில்லை. செத்தவர் முகத்தில் சினிமா கலரா என்றார். ஆனால் நிறம் ஜாடையைத் தொடுவதில்லை. தொடுவது வெளிச்சத்தின் வரிசை: எது மிக இருட்டு, எது அதற்கடுத்து, எது வெளுப்பு என்ற ஒழுங்கு. அந்த வரிசை கலையாதவரை கன்னத்தை நீலமாகவே போடலாம். வரிசை தலைகீழானால் நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆள் தெரியாது. ஃபிலிம் நெகட்டிவில் சொந்தத் தம்பியைக்கூட அடையாளம் காண முடியாமல் தடுமாறுவது இதனால்தான். சோதிக்கும் வழி எளிது. எட்ட நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது பழைய வழி, கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது இன்றைய வழி.

ஆனால் இந்த வரிசை என்பதற்குள்தான் கறுப்புத்தோல் பற்றிய கேள்வி ஒளிந்திருக்கிறது. கறுத்த முகத்தில் தோலுக்கும் புருவத்துக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் குறைவு, தோலுக்கும் விழிவெள்ளைக்கும் இடையே அதிகம். தோலை வெளுத்தால் இரண்டும் தலைகீழாகின்றன. புருவம் துருத்திக்கொண்டு முன்னே வருகிறது, பார்வை மங்குகிறது. வெளுப்பாக்கினாலும் முகம் அதேதானே என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. வெளுத்த முகம் அதே முகம் இல்லை. அண்ணன் முகத்தின் அடிப்பூச்சையே கழுத்தின் நிறத்திலிருந்து எடுத்தார். ஸ்டூடியோ மறந்துவிட்ட அந்தக் கழுத்துதான் அவரது உண்மையான தோலுக்கு ஒரே ஆதாரம்.

கோட்டை எடுத்துவிட்டு என்ன போடுவது என்பதில் சண்டையே வந்தது. சங்கத்தில் சிலர், ஒப்பந்தத் தொழிலாளியின் ஆரஞ்சு மேலங்கி வேண்டும், பின்னால் திறந்த தொட்டிமூடி வேண்டும், அப்போதுதான் செய்தி போய்ச் சேரும் என்றார்கள். அவர் மனைவி, "வெளிய தெருவப் போனா வெள்ளச் சட்டதான் போடுவாரு. அதப் போடுங்க," என்றார். நான் அவர் பக்கம். மேலங்கியும் மூடியும் வந்துவிட்டால் பார்ப்பவர் கண் அந்தக் குறியைப் படித்துவிட்டு முகத்தைப் படிக்காமலே நகர்ந்துவிடும், 'ஓ, சாக்கடைத் தொழிலாளி' என்று. ஒப்பந்ததாரருக்கும் அவர் முகமில்லாத ஓர் ஆள்தானே?

தழும்பு விஷயம் இன்னும் சிக்கலானது. வலது புருவத்துக்கு மேல் சின்ன வயதில் விழுந்த ஒரு வெட்டுத்தழும்பு உண்டு என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். படத்தில் இல்லை, டச்சிங்கில் போயிருந்தது. "படத்துல இல்லாதத எப்படிப் போடறது? எவ்ளோ நீளம், எந்தச் சாய்வுன்னு எனக்குத் தெரியாதே," என்றார் அண்ணன். தங்கையும் மனைவியும் தனித்தனியாகத் தங்கள் நெற்றியில் விரலால் கோடிழுத்துக் காட்டினார்கள். இரண்டும் ஒத்துப்போனது. ஒரே இழுப்பில் போட்டார். கோப்பில் ஒட்ட வேண்டிய இடத்தில் பழைய படமேதான் ஒட்டப்பட்டது. அந்த ஆவணத்தின்படி தழும்பு இல்லாத, கோட்டுப் போட்ட ஒரு சிவந்த மனிதர் இறந்திருக்கிறார்.

ஊர்வலத்தில், இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அம்மா தழும்பைப் பார்த்துத்தான் ஆளைச் சொன்னார். இன்னும் இரண்டு கடைக்காரர்கள் தழும்பை எட்டுவதற்கு முன்பே, தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். துணி அப்போது அவர்களிடமிருந்து முப்பதடிக்கு மேல் இருந்திருக்கும். அவ்வளவு தூரத்தில் தழும்பு தெரியாது. புருவம் தெரியும்.

பிறகு சங்கம் அந்த ஓவியத்தைப் படமெடுத்து ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தது. மாதிரி அச்சு வந்தபோது முகம் இரண்டு படி வெளுத்திருந்தது, ஊதா நிழல்கள் பழுப்பாகியிருந்தன. கடைப் பையனைக் கேட்டால், "டல்லா இருந்துச்சு சார், நான்தான் பிரைட் ஏத்திவுட்டேன்," என்றான், உதவி செய்த சந்தோஷத்தோடு. ஏற்றியதை இறக்கச் சொல்லி, அண்ணன் பக்கத்திலேயே நின்று கழுத்தின் நிறத்தைக் காட்டிக்காட்டி இரண்டாவது முறை அடிக்க வைத்தார்.